‘பார்க்கலாம் அக்கா’ என்று சொல்லிக் கடந்த ஒன்பது நாட்கள்

சென்ற வாரம் எங்கள் துறையின் இளையவர் ஒருவர் உணவகத்தில் என் எதிரில் அமர்ந்து, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். அவருடைய நெறியாளரிடம் முன்பு ஆய்வு செய்து இப்போது வேறொரு பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் மூத்தவர் ஒருவர், தம் ஆய்வுத் திட்டத்தில் சேரும்படி அழைத்திருக்கிறார். இளையவர் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஐந்து மாதங்களே உள்ளன. “எப்படி மறுப்பது அண்ணா? மனம் நோகாமல் சொல்ல ஒரு வழி சொல்லுங்கள்” என்றார். மனம் நோகாமல் சொல்லும் வழி எனக்குத் தெரியாது. ஆனால் கடந்த ஆகஸ்டில் இதே நிலையில் நான் செய்த பிழையும், அதைத் திருத்திய விதமும் தெரியும். அங்கே அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

நான் ஹைதராபாதில் மொழியியலில் முனைவர்ப்பட்ட ஆய்வு செய்தேன். ஒடிசாவின் ராயகடா, கோராபுட் மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டிய ஆந்திரப் பகுதிகளிலும் கோந்து மக்கள் பேசும் குவி என்னும் திராவிட மொழியின் வினையெச்சத் தொடர்களே என் ஆய்வுப் பொருள். எனக்கு முன் இதே நெறியாளரிடம் ஆய்வு செய்தவரைத்தான் இங்கே அக்கா என்கிறேன். முதல் களப்பணிக்கு என்னை அழைத்துச் சென்றவர் அவர்தான். ராயகடாவில் எனக்குக் காய்ச்சல் கண்டபோது மூன்று நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவரும், என் முதல் இயலின் ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையால் எழுதித் திருத்தியவரும் அவரே. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூத்தவர்கள் எல்லாரும் இளையவர்களின் உழைப்பைச் சுரண்டுகிறவர்கள் என்ற வகையில் இந்தப் பதிவைப் படிக்க வேண்டாம். சுரண்டுகிறவரிடம் மறுப்பது ஒரு வகையில் எளிது. கடன்பட்டவரிடம் மறுப்பதே கடினம்.

ஆகஸ்ட் 5 அன்று அவர் தொலைபேசியில் அழைத்தார். குவிக் கதைகளைப் பதிவு செய்யும் ஓராண்டுத் திட்டம் ஒன்றுக்கு அவருக்கு நிதி கிடைத்திருந்தது. “பதிவு வேலை எங்களுடையது. ஆறு மணி நேரப் பதிவுக்கு நீ கிளாஸ் மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஆறு மாதம். கட்டுரையில் உன் பெயரும் இருக்கும், தம்பி” என்றார். பிறகு, எனக்குப் பழக்கமான பாட்டி ஒருவரின் பெயரைச் சொல்லி, “அவருக்கு உன் குரல்தான் பழக்கம்” என்றார். அவர் எண்பதைக் கடந்தவர். என் ஆய்வேட்டின் எடுத்துக்காட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு அவர் வாயிலிருந்து வந்தவை.

நான் சொன்ன விடை இதுதான்: “பார்க்கலாம் அக்கா.”

மொழியியல் படித்தவன் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது. தமிழ் வினைமுற்று பொதுவாக யார் செய்கிறார் என்பதைத் தன் ஈற்றிலேயே காட்டும். பார்க்கிறேன் என்றால் நான், பார்க்கிறோம் என்றால் நாம் அல்லது நாங்கள். ‘-லாம்’ ஈறு அப்படிப்பட்டதன்று. நான் பார்க்கலாம், நீங்கள் பார்க்கலாம், நாம் பார்க்கலாம், அவர்கள் பார்க்கலாம் என்று எல்லாருக்கும் ஒரே வடிவம். பார்க்கல், ஆம் என்னும் இரண்டும் சேர்ந்து உருவான வடிவம் அது. செயல் நிகழ்வதற்கு இடமுண்டு என்பதை மட்டும் சொல்லும்; அதைச் செய்பவர் யார் என்று சொல்லாது. சொல்பவனை எந்தக் கடப்பாட்டிலும் நிறுத்தாத வடிவம் என்பதாலேயே நாம் அதை நாடுகிறோம். நான் அதை ‘இல்லை’ என்னும் பொருளில் சொன்னேன். அக்கா அதை ‘ஆம், விவரம் பிறகு பேசுவோம்’ என்று எடுத்துக்கொண்டார். இரண்டு பொருளுக்கும் இலக்கணம் இடம் தருகிறது. எனவே அவர் மேல் பிழை இல்லை.

பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் பணிவு பற்றி எழுதிய நூல் இத்துறையில் எல்லாரும் படிப்பது. 1978இல் ஒரு தொகுப்பின் பகுதியாக வந்து, 1987இல் தனி நூலாக வெளியானது. அவர்கள் சான்று திரட்டிய மூன்று மொழிகளில் தமிழும் ஒன்று. கோயம்புத்தூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் திரட்டினார்கள். பிறருக்கு இடர் தரும் செய்தியைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் நாம் எவ்வளவு தேர்ந்தவர்கள் என்பதை முதுகலை இரண்டாம் ஆண்டில் அதிலிருந்து எடுத்துக்காட்டிக் கருத்தரங்கில் பேசியவன் நான். மதிப்பெண்ணும் நன்றாகவே வந்தது.

ஆகஸ்ட் 14 அன்று அக்காவிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இணைப்பில் திட்டக் குழுவின் அட்டவணை. நான்காவது வரிசையில் என் பெயர். அதற்கு நேரே “கிளாசிங், ஆறு மணி நேரம்” என்று எழுதியிருந்தது. அன்று மாலைதான் முதல்முறையாகக் கணக்குப் போட்டேன். மறுப்பைப் பற்றிப் பேசுகிற பலரும் இந்தக் கணக்கை விட்டுவிட்டுச் சொற்களைப் பற்றியே பேசுகிறார்கள். கணக்கு இல்லாத மறுப்பு வெறும் மனநிலை. அதை எதிரில் இருப்பவர் அன்பாலோ அழுத்தத்தாலோ மாற்றிவிட முடியும்.

முதலில் என் பக்கக் கணக்கு. கடைசி நாள் டிசம்பர் 31. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி முனைவர்ப்பட்டத்துக்கு அதிக அளவு ஆறு ஆண்டு. அது எனக்கு அன்றுடன் முடிகிறது. ஐந்து மாதம் இருக்கிறதே என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். ஆனால் டிசம்பர் 31 என்பது அலுவலகம் ஆய்வேட்டை வாங்கிக்கொள்ளும் நாள். நான் எழுதி முடிக்க வேண்டிய நாள் அதுவன்று. ஒப்புமைச் சோதனைச் சான்றிதழ், நெறியாளர், துறைத் தலைவர், புலத் தலைவர் கையொப்பங்கள், நூலகத்திலிருந்தும் விடுதியிலிருந்தும் நிலுவையின்மைச் சான்று, அச்சு, கட்டு ஆகியவற்றுக்கு மூன்று வாரம். அப்படியானால் டிசம்பர் 10. முன்சமர்ப்பிப்புக் கருத்தரங்கில் சொல்லப்படும் திருத்தங்களைச் செய்ய ஒரு மாதம். அப்படியானால் கருத்தரங்கு நவம்பர் 10. அதற்குமுன் நெறியாளர் முழு வரைவையும் படிக்க ஒரு மாதம். ஆக, அக்டோபர் 10.

ஆகஸ்ட் 14இலிருந்து அக்டோபர் 10 வரை 57 நாள். ஐந்து மாதம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தது இரண்டு மாதத்துக்கும் குறைவு. ஒரு நாளில் நான் நன்றாக எழுதக்கூடியது நான்கு மணி நேரம். மீதிப் பொழுது மேற்கோள் சரிபார்ப்பதற்கும் அட்டவணை வரைவதற்கும் ஆகுமே தவிர எழுத உதவாது. ஒரு ஞாயிறுகூட விடாமல் எழுதினாலும் 228 மணி நேரம். அதில் ஐந்தாம் இயலின் பிற்பாதி, முடிவுரை, இரண்டாம் இயலின் மறுவரைவு ஆகியவற்றுக்கு, முந்தைய இயல்களுக்கு ஆன நேரத்தை வைத்துப் பார்த்தால், 190 மணி நேரம் வேண்டும். மிஞ்சுவது 38.

அடுத்து அக்காவின் பக்கக் கணக்கு. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வீதம் 26 வாரம் என்றால் 52 மணி நேரம். அவர் சொன்ன அளவே சரியென்று வைத்துக்கொண்டாலும், அதில் எத்தனை மணி அக்டோபர் 10க்கு முன் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. உண்மையில் அந்த 52உம் சரியில்லை.

குவி போன்ற மொழியில் ஒரு நிமிடப் பேச்சுக்கு கிளாஸ் எழுதுவது என்றால் என்ன என்று இத்துறைக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஈலான் மென்பொருளில் தொடர் தொடராக வெட்டி, ஒலிக்குறிகளில் எழுத வேண்டும். பிறகு அந்த மொழி பேசுபவர் ஒருவருடன் உட்கார்ந்து, எழுதியது சரியா, பொருள் என்ன என்று கேட்க வேண்டும். எனக்கு உதவுபவர் ராயகடாவில் படிக்கும் ஒரு கல்லூரி மாணவர். தொலைபேசியில்தான் பேசுகிறோம், அதுவும் அவருக்குத் தேர்வில்லாத நாட்களில். பிறகு ஒவ்வொரு சொல்லையும் உருபன்களாகப் பிரித்து, ஒவ்வோர் உருபனுக்கும் கீழே அதன் பொருளையோ இலக்கணச் செயலையோ குறிக்க வேண்டும். ஓர் உருபன் மூன்றாம் கதையில் புதுப் பொருளில் வந்தால், முதல் இரண்டு கதைகளுக்கும் திரும்பிப் போய்த் திருத்த வேண்டும். நான்கு ஆண்டுகளாக என் வேலைக் குறிப்பேட்டில் நேரம் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு நிமிடப் பதிவுக்கு எழுத 15 நிமிடம், சரிபார்க்க 10, பிரித்துக் குறிக்க 20 என்று மொத்தம் 45 நிமிடம். இது என் வேகம். அதுவும் கதை சொல்பவர் தெளிவாகப் பேசி, பின்னணியில் கோழி கூவாத பதிவுகளுக்கு.

ஆறு மணி நேரம் என்பது 360 நிமிடம். ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம் என்றால் 16,200 நிமிடம், அதாவது 270 மணி நேரம். என்னிடம் இருந்த மொத்த எழுதும் நேரமே 228.

அக்கா பொய் சொல்லவில்லை. ‘கிளாஸ் மட்டும்’ என்று அவர் சொன்னபோது அவர் மனத்தில் இருந்தது கடைசிப் படியான 20 நிமிடம் மட்டுமே; அதையும் குறைத்தே மதிப்பிட்டிருந்தார். ஒலியை எழுதித் தரவும் சரிபார்க்கவும் வேறு யாரோ இருப்பார்கள் என்ற எண்ணம். அட்டவணையைப் பார்த்தேன், அப்படி யாரும் இல்லை. ஆய்வுத் திட்டங்களில் இது வழக்கமாக நேர்கிறது. விண்ணப்பத்தில் பதிவின் அளவை மணிக்கணக்கில் எழுதுகிறோம். பகுப்பாய்வுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை எழுத அங்கே கட்டமே இல்லை. பேராசிரியரான பிறகு கிளாஸ் எழுதிய நாட்கள் மறந்துவிடுகின்றன என்பதும் ஒரு காரணம். அக்கா இதைப் படித்தால் சிரிப்பார், மறுக்க மாட்டார்.

நீட்டிப்பு வாங்கிக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். அறை நண்பர் கேட்டார். 2022ஆம் ஆண்டு விதிமுறைகளில் மறுபதிவுக்கு இடம் உண்டு. அதிக அளவு இரண்டு ஆண்டு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் தளர்வு உண்டு. தாளில் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இளநிலை ஆய்வு உதவித்தொகை முதுநிலையையும் சேர்த்து ஐந்து ஆண்டுக்குத்தான். எனக்கு அது முன்னரே முடிந்துவிட்டது. ஆறாம் ஆண்டைச் சேமிப்பிலும் தங்கை அனுப்பிய பணத்திலும் ஓட்டிக்கொண்டிருந்தேன். விடுதி அறையும் பதிவுக்காலத்தோடு முடியும். நீட்டிப்பு என்பது காலத்தைத் தரும். அந்தக் காலத்தில் சாப்பிட எதுவும் தராது. உதவித்தொகை நடப்பில் உள்ள ஒருவருக்கும் என்னைப் போல் அது நின்றுபோன ஒருவருக்கும் ‘ஆறு மாதம் தள்ளிப் போகட்டும்’ என்னும் சொல் ஒரே பொருளைத் தராது.

கணக்கு முடிந்தது. இனி எழுத வேண்டும். என் முதல் வரைவு இப்படித் தொடங்கியது: “அக்கா, இப்போது முடியாது போலிருக்கிறது.” எழுதிய பிறகு அதை ஒரு தரவுத் தொடரைப் போலப் படித்துப் பார்த்தேன். ‘இப்போது’ என்றால் பிறகு முடியும். அடுத்த வரியில் அவர் நவம்பரா டிசம்பரா என்று கேட்பார், கேட்பதும் நியாயம். ‘போலிருக்கிறது’ என்றால் எனக்கே உறுதியில்லை. முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை, கொஞ்சம் தள்ளினால் திறந்துவிடும் கதவு என்று அந்தத் தொடர் சொல்கிறது. அழித்தேன்.

‘சேர மாட்டேன்’ என்பது மறுபக்கம். அது தன்மை ஒருமையில் முடிகிறது. மறுப்பது நான் என்பது ஐயமில்லாமல் தெரியும். ஆனால் ‘மாட்டேன்’ என்பதில் விருப்பமின்மையின் சாயல் உண்டு. அவர் மீதோ திட்டத்தின் மீதோ எனக்கு விருப்பமில்லை என்று ஆகும். அது உண்மையன்று; மூத்தவரிடம் அப்படிப் பேசுவதும் நம் வழக்கமன்று. ‘என்னால் இயலாது’ என்பதில் ‘ஆல்’ உருபு தடையை ஆற்றலில் வைக்கிறது. பணிவும் கெடாது, கதவும் மூடும். ஆனால் அதற்குப் பின் வரும் காரணம் எதிரில் இருப்பவர் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். மறுப்புகளைப் பற்றி பீபி, தக்காஹாஷி, உலிஸ் வெல்ட்ஸ் மூவரும் 1990இல் வெளியிட்ட கட்டுரையில் கண்ட வேறுபாடுகளில் ஒன்று இது: அமெரிக்கர்கள் சொன்ன காரணங்களைவிட ஜப்பானியர் சொன்னவை பெரும்பாலும் குறிப்பில்லாதவை. நம் ஊரில் ‘கொஞ்சம் வேலை இருக்கிறது சார்’ என்பதும் அந்த வகைதான். குறிப்பில்லாத காரணம் மரியாதையானது. ஆனால் அது ஒரு பேச்சை முடிக்கத்தான் பயன்படும். ஓராண்டுத் திட்டத்தின் அட்டவணையிலிருந்து ஒரு பெயரை நீக்கப் பயன்படாது.

அனுப்புமுன் நெறியாளரிடம் சென்றேன். முறையிட அன்று, தெரிவிக்க. மூவரும் ஒரே குடும்பம் போன்ற நிலையில், அவருக்குப் பிறர் வழியாகச் செய்தி போவது நல்லதன்று. “அக்டோபர் 10 என்று அவளிடம் சொல், நான் சொன்னதாகவும் சொல்” என்றார். அவர் பெயரை நான் கடிதத்தில் பயன்படுத்தவில்லை. நெறியாளரின் முதுகுக்குப் பின் நின்று மறுப்பது எனக்கு உவப்பாக இல்லை. (அழைப்பவர் நெறியாளராகவே இருந்தால் இந்த வழி செல்லாது. அப்போது ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் நாம் வைக்கும் முன்னேற்ற அறிக்கையில் இந்தப் பின்னோக்கிய கணக்கைத் தேதிகளோடு எழுதிப் பதிவு செய்வதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. அதுவும் எல்லா இடத்திலும் பலிக்காது.)

அனுப்பிய கடிதத்தை அக்காவின் இசைவோடு அப்படியே தருகிறேன்:

“வணக்கம் அக்கா. பட்டியலில் என் பெயரைப் பார்த்தேன். ஆகஸ்ட் 5 அன்று நான் ‘பார்க்கலாம்’ என்று சொன்னது பிழை. அன்றே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். இந்தத் திட்டத்தில் என்னால் சேர இயலாது. டிசம்பர் 31 கடைசி நாள்; அதற்கு அக்டோபர் 10க்குள் முழு வரைவையும் நெறியாளரிடம் கொடுத்தாக வேண்டும். ஆறு மணி நேரப் பதிவுக்கு என் வேகத்தில் ஏறத்தாழ 270 மணி நேரம் ஆகும். கணக்கை இணைத்துள்ளேன், வேறொருவரை அமர்த்தும்போது உங்களுக்குப் பயன்படக்கூடும். அருள்கூர்ந்து என் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். என்னிடமுள்ள சுருக்கக்குறிப் பட்டியலையும் ஈலான் வார்ப்புருவையும் அனுப்பியுள்ளேன். பாட்டியின் பதிவு காத்திருக்கக் கூடாது. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அவர்கள் வீட்டாரை அழைத்து, உங்களை இணைத்து அறிமுகப்படுத்துகிறேன்.”

மறுப்பு மூன்றாவது வரிக்குப் பிறகு வருவதைப் பாருங்கள். ஆங்கிலக் கையேடுகள் சொல்வதுபோல் முதல் வரியிலேயே வைத்தால் நம்மிடையே அது அறைந்ததுபோல் இருக்கும். பத்தாவது வரியில் வைத்தால் அதற்குள் அவர் சம்மதம் என்று நினைத்துவிடுவார்.

நான் கொடுத்த இரண்டு உதவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுருக்கக்குறிப் பட்டியலும் வார்ப்புருவும் முன்னரே முடிந்த பொருள்கள். அவற்றைக் கொடுக்க எனக்கு ஒரு மணி நேரமும் ஆகவில்லை. ‘சந்தேகம் இருந்தால் கேளுங்கள்’ என்னும் வரியை எழுதி அழித்தேன். அந்த ஒரு வரி வழியாக முழுத் திட்டமும் என் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கும். ஒவ்வோர் உருபனும் ஒரு சந்தேகம்தான்.

பாட்டியின் செய்தி வேறு. திட்டத்தின் எல்லா வேலைகளும் ஒரே அளவு அவசரமானவை அல்ல. கிளாஸ் காத்திருக்கும், ஒலிக்கோப்பு கெடாமல் இருந்தால் பத்தாண்டு கழித்தும் யாரும் எழுதலாம். எண்பதைக் கடந்தவரின் குரல் காத்திருக்காது. இந்த வேறுபாட்டைக் கண்ட பிறகுதான் என் குற்ற உணர்வு ஓர் அளவுக்குள் வந்தது. அக்கா என்னிடம் கேட்டது காத்திருக்கக்கூடிய வேலை. காத்திருக்கக்கூடாத வேலைக்கு அவருக்கு வேண்டியிருந்தது வீட்டாரின் நம்பிக்கை. அதை ஒரு தொலைபேசி அழைப்பில் கொடுக்க முடிந்தது. இருபது நிமிடம் ஆனது. ஒருவேளை அவர் கேட்டது பதிவாகவே இருந்து, என்னையன்றி வேறு யாரிடமும் அந்தப் பாட்டி பேசமாட்டார் என்றிருந்தால், ஒரு வாரத்தை இழந்தாவது ராயகடாவுக்கு ரயில் ஏறியிருப்பேன். அப்போதும் கிளாசுக்கு மறுத்திருப்பேன்.

எனக்குப் பதிலாக ஒருவரைப் பரிந்துரைக்கவும் தோன்றியது. மூன்றாம் ஆண்டில் இருக்கும் இளையவர் ஒருவரின் பெயரை எழுதி, அதையும் அழித்தேன். அவரிடம் நான் கேட்கவே இல்லை. என்னால் மறுக்க முடியாத அக்காவிடம் அவரால் மட்டும் எப்படி மறுக்க முடியும்? நம் சுமையைக் கீழே இருப்பவர் தலையில் இறக்குவதைப் பரிந்துரை என்று சொல்கிறோம்.

அக்காவின் விடை ஒரே சொல்: “சரி.” முற்றுப்புள்ளியோடு. ஞாயிற்றுக்கிழமை அழைப்பில் பாட்டியின் மகனிடம் இனிமையாகப் பேசினார். என்னிடம் தேவைக்குமேல் பேசவில்லை. பிறகு மூன்று வாரம் மௌனம். அந்த மூன்று வாரத்தில் ஐந்தாம் இயலை எழுதினேன் என்று சொல்ல ஆசை. முதல் வாரம் பெரும்பாலும் கைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பரில் அவரே அழைத்தார். கோபம் மறுத்ததற்காக அன்று என்றார். ஆகஸ்ட் முதல் வாரத்தில் அவரிடம் வேறொருவர் வேலை கேட்டு வந்திருக்கிறார். முதுகலையில் ஒடிசாவின் வேறொரு திராவிட மொழியில் களப்பணி செய்தவர். ‘தம்பி இருக்கிறான்’ என்ற நம்பிக்கையில் அக்கா அவரைக் காத்திருக்கச் சொல்லாமல் அனுப்பிவிட்டார். என் கடிதம் போய்ச் சேர்ந்தபோது அவர் வேறு வேலையில் சேர்ந்துவிட்டார். ஓராண்டுத் திட்டத்துக்கும் கடைசி நாள் உண்டு. செலவுக் கணக்கும் பயன்பாட்டுச் சான்றிதழும் அந்த நாளுக்குள் கொடுக்க வேண்டும். என் கடைசி நாளை மட்டுமே நான் எண்ணிக்கொண்டிருந்தேன். “ஐந்தாம் தேதியே முடியாது என்று சொல்லியிருந்தால் எனக்கு ஆள் கிடைத்திருக்கும்” என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை. நான் மரியாதை என்று நினைத்துச் செய்ததன் விலையை அவர் கொடுத்திருக்கிறார்.

270 மணி நேரக் கணக்கைப் பார்த்து அவர் திட்டத்தையும் மாற்றியிருந்தார். பதிவின் அளவைக் குறைக்கவில்லை. கிளாஸ் எழுதும் பகுதியை மட்டும் ஆறு மணி நேரத்திலிருந்து மூன்றாக்கினார்; மீதிக்கு மொழிபெயர்ப்பு மட்டும். புதிதாக வந்த உதவியாளருக்கு அது முழுநேர வேலை, ஊதியத்தோடு. வாரத்துக்கு இரண்டு மணி நேரம், நட்புக்காக என்பது அந்தத் திட்டத்திலிருந்து மறைந்தது. மூத்தவர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் இந்த ஒன்றே. அழைக்கும்போது மணிக்கணக்கையும், கடைசி நாளையும், ஊதியம் உண்டா இல்லையா என்பதையும் எழுத்தில் கொடுங்கள். அதைப் பார்த்து இளையவர் கணக்குப் போட்டு விடை சொல்ல மூன்று நாள் கொடுங்கள். தொலைபேசியில் கேட்டால் எங்களுக்கு வரும் சொல் ‘பார்க்கலாம்’ ஒன்றுதான்.

எனக்கும் இழப்பு உண்டு. அந்தத் திட்டத்திலிருந்து ஒரு தொகுப்பு நூலுக்கு இயல் ஒன்று போகிறது. அதில் என் பெயர் இல்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும் இந்த மாதங்களில் அது எவ்வளவு பெரிய வெற்றிடம் என்பது விண்ணப்பப் படிவத்தை நிரப்பியவர்களுக்குத் தெரியும். அக்காவுடன் பழைய பேச்சு முழுதாகத் திரும்பிவிட்டது என்றும் சொல்லமாட்டேன். திரும்பிக்கொண்டிருக்கிறது.

வரைவை அக்டோபர் 10 அன்று கொடுக்கவில்லை. 16 அன்றுதான் கொடுத்தேன். அந்த ஆறு நாளும் கையொப்ப வாரங்களிலிருந்து போயிற்று. டிசம்பர் 29 அன்று மாலை நான்கரை மணிக்கு அலுவலகத்தில் கட்டுகளை வைத்துவிட்டு வந்தேன்.

உணவகத்தில் கேட்ட அந்த இளையவருக்கு: உங்கள் கணக்கை முதலில் போடுங்கள். முடிவு ‘இயலும்’ என்றும் வரலாம். பதிவு வேலையாகவோ ஒரு நாள் பட்டறையாகவோ இருந்தால் 38 மணி நேரத்துக்குள் அடங்கக்கூடும். அப்படியில்லை என்றால் இன்றே எழுதுங்கள். அவர் உங்களிடம் கேட்டு இதற்குள் நான்கு நாள் ஆகிவிட்டது என்றீர்கள்.

பாட்டியின் கதைகள் கடந்த நவம்பரில் பதிவாகிவிட்டன. மொத்தம் ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம். அதில் கிளாஸ் எழுதப்படாத பகுதியிலிருந்து ஒரு கதையை, 11 நிமிடம், சென்ற வாரம் அக்காவிடம் நானே கேட்டு வாங்கினேன். கோழி கூவுகிறது. நிமிடத்துக்கு 50 ஆகிறது.